கோணல் நிலத்தை அளந்து சென்ட் கணக்கிடும் முறை: அடிக்கோடு முதல் கடைசிக் கூட்டல் வரை

நாலு பக்கமும் டேப் பிடித்து அளந்து, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டு எண்களையும் பெருக்கி "இவ்வளவு சென்ட்" என்று சொல்லிவிடுகிற பழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. நிலம் பேசி முடிக்கிற இடத்திலும் பாகம் பிரிக்கிற இடத்திலும் இந்தக் கணக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ஏனென்றால் இதில் வரும் பிழை ஒரே பக்கம்தான் சாயும். செவ்வகத்தைத் தவிர எந்த நாற்கரத்திலும் இந்தச் சராசரிக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். வாங்குகிறவர் இல்லாத மண்ணுக்குப் பணம் கொடுக்கிறார்.

காரணத்தை நாலு குச்சிகளை வைத்தே பார்த்துவிடலாம். நீளமான இரண்டும் குட்டையான இரண்டும் எடுத்து, முனைகளை நூலால் கட்டிச் செவ்வகமாக வையுங்கள். பிறகு ஒரு மூலையைப் பிடித்து மெல்லச் சாய்த்தால் குச்சிகளின் நீளம் மாறாமலேயே உள்ளே இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகும். 30 மீட்டரும் 20 மீட்டருமாக நேராக நிற்கும் மனை 600 சதுர மீட்டர், அதாவது 14.83 சென்ட். அதே பக்கங்களோடு சாய்ந்து, நீளப்பக்கங்களுக்கு இடையே நேர்குத்தான தூரம் 16 மீட்டர் ஆகிவிட்டால் பரப்பு 480 சதுர மீட்டர், 11.86 சென்ட்தான். பக்க அளவு ஒன்றுகூட மாறவில்லை, மூன்று சென்ட் போய்விட்டது. ஆகவே பக்கங்கள் மட்டும் பரப்பைச் சொல்லாது. நடுவே ஒரு கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். அந்த நடுக்கோடு அடிக்கோடு. செங்குத்துத் தூரத்தை நில அளவையர்கள் ஆஃப்செட் என்பார்கள். தமிழ்நாட்டுப் புல வரைபடங்களும் இந்த அடிப்படையில்தான் போடப்பட்டிருக்கின்றன.

ஆறு மூலையும், ஒரு பக்கம் வளைந்து போகும் வாய்க்காலும் கொண்ட ஒரு புன்செய் நிலத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை அளந்து பார்ப்போம்.

அடிக்கோட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் டேப்பை எடுக்காதீர்கள். வரப்பின் மேல் ஒரு சுற்று நடந்து, திரும்புகிற இடங்களில் எல்லாம் ஒரு முளை அடித்து, மூலைக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். எழுத்துகளைவிட இடத்தின் பெயர் நல்லது. வீட்டுக்கு வந்து கணக்குப் போடும்போது "கிணற்று மூலை" என்றால் கண்முன் நிற்கும். நம் நிலத்தில் தெற்கே ஒரு சர்வே கல், வடக்கே ஒரு சர்வே கல். மேற்கில் வேம்பு மூலை, கிணற்று மூலை. கிழக்கில் மடை மூலை, பனை மூலை. மடைக்கும் பனைக்கும் இடையில்தான் வாய்க்கால் வளைந்து போகிறது.

அடிக்கோடு நிலத்தின் நீளமான மூலைவிட்டமாக இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஆஃப்செட்டுகள் குட்டையாக அமையும். ஆஃப்செட் குட்டையானால் செங்குத்துப் பிசகுவதும் குறையும். இங்கே தென்கல்லிலிருந்து வடகல்லுக்குப் போகும் கோடு பொருத்தமானது. இரண்டு கல்லிலும் ஒவ்வொரு கோல் நட்டு, நடுவே இன்னும் இரண்டு கோல்களை ஒரே பார்வையில் மறைகிற மாதிரி நிறுத்திக் கயிறு கட்டிவிடுங்கள். கயிறு தொய்யக் கூடாது, பயிர் மேல் சாய்ந்து வளையவும் கூடாது.

நம் கோட்டின் நீளம் 84 மீட்டர். 30 மீட்டர் டேப் என்றால் இரண்டு முழு டேப்பும் மிச்சம் 24 மீட்டரும். முழு டேப் முடிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு ஆணி குத்துங்கள். கடைசியில் ஆணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முழு டேப்பையே கணக்கில் விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். நிலம் சரிவாக இருந்தால் டேப்பைத் தரையோடு படியவிடாமல், கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்துச் சிறு சிறு துண்டுகளாக அளந்து இறங்க வேண்டும். பத்திரங்களில் இருக்கும் பரப்பு தட்டையான படத்தின் பரப்பு. சரிவை ஒட்டி அளந்தால் கூடுதலாக வரும்.

செங்குத்து விழும் புள்ளியைக் கண்டுபிடித்தல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிணற்று மூலையிலிருந்து கயிற்றுக்குச் செங்குத்து எங்கே விழுகிறது? கண்ணளவில் பார்த்தால் ஒரு மீட்டர் பிசகினாலும் தெரியாது. செங்கோணம் பார்த்துக் குறிக்க உதவும் கிராஸ் ஸ்டாஃப் என்ற கருவி வைத்திருப்பவர்களுக்குச் சுலபம். இல்லாதவர்கள் வழக்கமாக, டேப்பின் பூச்சியத்தை மூலையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கயிற்றின் மேல் அங்குமிங்கும் ஆட்டி, எங்கே மிகக் குறைந்த அளவு வருகிறதோ அதுவே செங்குத்து என்று எடுப்பார்கள்.

தூரத்தைப் பொறுத்தவரை இது சரிதான். இடத்தைப் பொறுத்தவரை போதாது. போன முறை என் அக்கா மகன் கிணற்று மூலையில் பூச்சியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் கயிற்றின் மேல் டேப்பை நகர்த்திப் பார்த்தேன். "மாமா, இன்னும் இருபதுதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அரை மீட்டர் இந்தப் பக்கம் போனாலும் இருபது, அந்தப் பக்கம் போனாலும் இருபது. அதில் வியப்பில்லை. 20 மீட்டர் செங்குத்தில் அடிப்புள்ளி அரை மீட்டர் தள்ளிப்போனால் டேப் காட்டும் வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான். காற்றடித்து டேப் ஆடுவதே அதைவிட அதிகம்.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. குறைந்த அளவைத் தேடாமல், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு முழு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிணற்று மூலையில் பூச்சியம், கையில் 21 மீட்டர். அதை விறைப்பாக வைத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வந்தால் அந்த 21 கயிற்றை இரண்டு இடங்களில் தொடும். இரண்டிலும் முளை அடியுங்கள். நம் நிலத்தில் அவை சுமார் 12.8 மீட்டர் இடைவெளியில் விழுந்தன. அந்த இரண்டுக்கும் நட்டநடுவே உள்ள புள்ளிதான் செங்குத்தின் அடி. இந்த முறையில் கயிற்றைத் தொடும் இடம் தெளிவாகத் தெரியும், ஒரு சாண்கூடப் பிசகாது. பிறகு அந்த நடுப்புள்ளியிலிருந்து மூலைக்கு நேராக ஒரு முறை அளந்து, தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் பக்கத்தில் மூலையே கிடையாது, வளைவுதான். அங்கே முறையைத் திருப்பிப் போட வேண்டும். கயிற்றில் மடை மூலைக்கு நேரான புள்ளியிலிருந்து பனை மூலைக்கு நேரான புள்ளி வரை சம இடைவெளியில் குறிகள் வைத்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் வெளியே செங்குத்தாகக் கரைவரை அளக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் மூலைமட்டம் இதற்குக் கை கொடுக்கும். இல்லாவிட்டால் கயிற்றில் 3 மீட்டர், வெளியே 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் என்று முக்கோணம் பிடித்துத் திசையைக் குறித்துக்கொள்ளலாம். எதுவரை அளப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். வாய்க்கால் புறம்போக்குக்குத் தனிப் புல எண் இருந்தால் உங்கள் நிலம் அதன் எல்லையோடு முடிகிறது. தண்ணீர் ஓடும் விளிம்பு மழைக்கு மழை நகரும், அதை எல்லையாக எடுக்கக் கூடாது.

அளவுகளை எழுதும் விதம்

அளவுப் புத்தகத்தைக் கீழிருந்து மேலாக எழுதுவது பழைய வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது. தென்கல்லில் நின்று வடகல்லைப் பார்த்து நடக்கிறீர்கள், தாளிலும் அப்படியே மேல்நோக்கி நடக்கிறீர்கள். இடது கைப்பக்கம் இருப்பது தாளிலும் இடது பக்கம் வரும். நடுப்பத்தியில் தென்கல்லிலிருந்து கயிற்றின் மேல் உள்ள தூரம், இரு பக்கமும் ஆஃப்செட். எல்லாம் மீட்டரில்.

| மேற்கு ஆஃப்செட் | கயிற்றில் தூரம் | கிழக்கு ஆஃப்செட் |
|---|---|---|
| | 84.0 (வடகல்) | |
| | 64.0 | 18.0 பனை |
| | 56.0 | 20.2 |
| கிணறு 20.0 | 52.0 | |
| | 48.0 | 21.0 |
| | 40.0 | 20.6 |
| | 32.0 | 19.0 |
| | 24.0 | 16.0 மடை |
| வேம்பு 14.0 | 18.0 | |
| | 0.0 (தென்கல்) | |

கயிற்றில் தூரத்தை எப்போதும் தென்கல்லிலிருந்தே தொடர்ச்சியாக எழுதுங்கள். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு என்று துண்டு துண்டாக அளந்து எழுதினால், ஒன்றில் செய்த பிழை பின்னால் வரும் எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

வயலை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. பரப்புக்குத் தேவைப்படாத எல்லைப் பக்கங்களையும் அளந்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேம்பு மூலையிலிருந்து கிணற்று மூலைக்கு நேராக அளந்தால் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கே சொல்லிவிடும். கயிற்றில் அவற்றின் வித்தியாசம் 34, ஆஃப்செட்டில் வித்தியாசம் 6. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் 34.53 மீட்டர். டேப்பில் 34.5 வந்தால் இரண்டு மூலையும் சரி. 35.2 வந்தால் ஏதோ ஒரு செங்குத்து பிசகியிருக்கிறது, அங்கேயே நின்று திரும்ப அளக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தால் பயனில்லை.

பரப்பு

இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கைக் கணக்கிடும்போது மேற்கு ஆஃப்செட் உள்ள வரிகள் மட்டும்தான். கிழக்கு வரிகளின் தூரங்களை உள்ளே கலந்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. அதனால் மறு பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு கணக்குப் போடச் சொல்வேன்.

மேற்குப் பக்கத்தில் தென்கல்லுக்கும் வேம்புக்கும் நடுவே செங்கோண முக்கோணம். அடி 18, உயரம் 14, பாதியெடுத்தால் 126 சதுர மீட்டர். வேம்பு ஆஃப்செட்டுக்கும் கிணற்று ஆஃப்செட்டுக்கும் நடுவே இருப்பது சரிவகம். இரண்டு செங்குத்துகளும் ஒன்றுக்கொன்று இணை, அவற்றுக்கு இடைத்தூரம் 52 கழித்தல் 18, அதாவது 34. இரண்டு ஆஃப்செட்டுகளின் சராசரி 17. பெருக்கினால் 578. கிணற்றிலிருந்து வடகல்லுக்கு மீண்டும் முக்கோணம். அடி 84 கழித்தல் 52, அதாவது 32. உயரம் 20, பரப்பு 320. மேற்குப் பக்கம் மொத்தம் 1024.

இங்கே பக்கச் சராசரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆஃப்செட் சராசரியை மட்டும் ஏன் ஏற்கிறோம் என்று கேட்கலாம். இந்த இரண்டும் இணைகோடுகள், இடைத்தூரம் அவற்றுக்குச் செங்குத்தாக அளக்கப்பட்டது. அந்த நிபந்தனை இருக்கும்போது சராசரி துல்லியமான விடை தருகிறது. நிபந்தனை இல்லாத இடத்தில்தான் ஏமாற்றுகிறது.

கிழக்கில் தென்கல்லிலிருந்து மடைக்கு முக்கோணம்: அடி 24, உயரம் 16, பரப்பு 192. பனையிலிருந்து வடகல்லுக்கு முக்கோணம்: அடி 20, உயரம் 18, பரப்பு 180. நடுவில் வாய்க்கால் ஓரம் 8 மீட்டர் இடைவெளியில் ஐந்து சரிவகங்கள். ஒவ்வொன்றாகப் போடலாம். இடைவெளி சமமாக இருப்பதால் குறுக்குவழியும் உண்டு. முதல் ஆஃப்செட்டும் கடைசி ஆஃப்செட்டும் ஒரு சரிவகத்தில் மட்டும் வருகின்றன, நடுவில் உள்ளவை அக்கம்பக்கத்து இரண்டு சரிவகங்களிலும் வருகின்றன. ஆகவே முனைகள் இரண்டையும் கூட்டிப் பாதி, நடுவில் உள்ளவை முழுதாக, மொத்தத்தை இடைவெளியால் பெருக்க வேண்டும்.

```
8 × [ (16.0 + 18.0)/2 + 19.0 + 20.6 + 21.0 + 20.2 ]
= 8 × 97.8 = 782.4
```

கிழக்கு மொத்தம் 1154.4. இரு பக்கமும் சேர்ந்து 2178.4 சதுர மீட்டர்.

வளைவைக் கவனிக்காமல் மடையையும் பனையையும் நேர்கோட்டால் இணைத்திருந்தால் நடுச் சரிவகம் 40 பெருக்கல் 17, அதாவது 680 என்று நின்றிருக்கும். 102.4 சதுர மீட்டர், இரண்டரை சென்ட், கணக்கிலிருந்து நழுவியிருக்கும். இங்கே எல்லை வெளியே புடைத்திருப்பதால் நமது 782.4-உம் உண்மையைவிட ஒரு சிறிது குறைவாகவே இருக்கும். இடைவெளியை 4 மீட்டராக்கினால் அந்தக் குறையும் பெரும்பாலும் தீரும்.

எந்த அளவில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதையும் இந்த எண்களே காட்டுகின்றன. கிணற்று மூலையின் அடிப்புள்ளி கயிற்றில் அரை மீட்டர் தள்ளிப்போனால் பரப்பு 3.5 சதுர மீட்டர்தான் மாறும். ஆனால் அந்த 20 மீட்டர் ஆஃப்செட்டை 20.5 என்று எழுதிவிட்டால் 16.5 சதுர மீட்டர் கூடிவிடும், அது 0.4 சென்ட். இரு பக்கத்து மூலைகளும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவுக்கு நடு ஆஃப்செட்டின் பிழை பெருகும். அதனால் தனித்து நிற்கும் மூலைகளின் ஆஃப்செட்டை இரண்டு முறை அளந்துவிடுவது நல்லது.

செங்குத்தின் அடி கோட்டுக்கு வெளியே விழுந்தால்

சில நிலங்களில் ஒரு மூலையின் செங்குத்து தென்கல்லையும் தாண்டிப் பின்னால் விழும். கயிற்றைப் பின்பக்கமாக நீட்டிக்கொள்ளுங்கள். தென்கல்லுக்கு 4 மீட்டர் பின்னால், 10 மீட்டர் ஆஃப்செட்டில் ஒரு மூலை இருந்து, அடுத்தது நம் மடை மூலையாக இருந்தால், இடைத்தூரம் 24-உம் 4-உம் சேர்ந்து 28. சரிவகம் 28 பெருக்கல் 13, 364. அதில் தென்கல்லுக்குப் பின்னால் உள்ள முக்கோணம் நம்முடையது அல்ல. 4 பெருக்கல் 10-இல் பாதி 20-ஐக் கழித்தால் 344. எல்லை கயிற்றைத் தாண்டி உள்ளே குடைந்து வரும் இடங்களிலும் இதேபோல், வெளியே கிடக்கும் துண்டைத் தனியே கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். படத்தைக் கையால் வரைந்து, கழிக்க வேண்டிய துண்டில் பென்சிலால் கோடு கிழித்துவிட்டால் கூட்டல் கழித்தல் குழம்பாது.

சென்ட்டுக்கு மாற்றுதல்

ஒரு ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட். 435.6 சதுர அடி, அல்லது 40.47 சதுர மீட்டர். நம் 2178.4-ஐ 40.47-ஆல் வகுத்தால் 53.83 சென்ட்.

435.6 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்றால், 1620-ஆம் ஆண்டையொட்டி எட்மண்ட் கன்டர் அமைத்த 66 அடிச் சங்கிலியிலிருந்து. அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆகவே சரியாக 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். பழைய படத்தில் அளவு லிங்க்கில் இருந்தால் மாற்றவே வேண்டாம். லிங்க்கிலேயே பரப்பைக் கண்டுபிடித்து ஆயிரத்தால் வகுத்துவிடலாம். அந்தச் சங்கிலிக்கு இது எவ்வளவு இயல்பான அலகு என்பது அப்போது புரியும்.

அடியில் அளப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். 14 அடி 6 அங்குலத்தை 14.6 என்று எழுதுவது ஒன்று. ஆறு அங்குலம் அரை அடி, 14.5 என்றே எழுத வேண்டும். மற்றொன்று, சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 3.28-ஆல் பெருக்குவது. பரப்புக்கு அதன் வர்க்கம் வேண்டும், 10.764. நம் நிலம் அப்படிப் பார்த்தால் 23,448 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தாலும் அதே 53.83 வருகிறது.

கூட்டலில் சந்தேகம் இருந்தால் வரைபடத் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் என்று வைத்து நிலத்தை வரைந்து பாருங்கள். நம் அடிக்கோடு 16.8 சென்டிமீட்டர், ஒரே தாளில் அடங்கும். ஒரு கட்டம் 25 சதுர மீட்டர். உள்ளே உள்ள கட்டங்களை எண்ணினால் 87 அளவில் வர வேண்டும். 70 வந்தால் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது.

கடைசியாகப் பட்டாவோடு ஒப்பிடுதல். அங்கே ஹெக்டேரும் ஏரும்தான் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.471 சென்ட். நம் அளவு 21.78 ஏர். பட்டாவில் 0 - 22.00 என்றிருந்தால் அது 54.36 சென்ட், நம்முடையதைவிட அரை சென்ட் கூடுதல். பக்கத்து நிலத்துக்காரர் மேல் பாயும் முன் அந்த 22 சதுர மீட்டரை வாய்க்கால் ஓரத்து நாற்பது மீட்டரில் பரப்பிப் பாருங்கள். அகலம் அரை மீட்டர்தான், கரை அரித்துப் போனாலே அவ்வளவு போகும். மடை மூலையிலிருந்தும் பனை மூலையிலிருந்தும் புல வரைபடத்தில் உள்ள அளவுகளோடு அந்த ஓரத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்து, அப்போதும் குறைந்தால் வட்ட அளவையருக்கு மனுக் கொடுங்கள். மனுவோடு உங்கள் அளவுப் புத்தகத்தின் நகல் ஒன்றையும் வையுங்கள். உங்கள் கணக்குக்குச் சட்ட மதிப்பு கிடையாது, ஆனால் எந்த ஓரத்தை அளக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டும்.